கேமராவுக்கு லென்ஸும் வாங்கலாமா?

கேள்வி: நான்கு மாதம் முன்பு விலை உயர்ந்த கேமரா ஒன்றைத் தவணையில் வாங்கினேன். மாதச் சம்பளம் 100 என்று வைத்தால் விலை 200. மாதம் 19 வீதம் 12 தவணை. வாங்கிய வாரத்திலிருந்தே மனம் உறுத்துகிறது. அதிகம் எடுப்பதும் இல்லை. நண்பர் 130-க்குக் கேட்கிறார். நல்ல லென்ஸ் இருந்தால் பயன்படுத்துவேன் என்று தோன்றுகிறது, அது 60. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ திட்டத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சிக்கல் கேமரா இல்லை, அந்த லென்ஸ் யோசனைதான்.

‘நான் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற ஆள்’ என்பது ஒரு நினைப்பு. ‘இரண்டு மாதச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்’ என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாமல் உறுத்துவதைத்தான் உளவியலில் காக்னிட்டிவ் டிசொனன்ஸ் என்கிறார்கள். 1957-இல் லியான் ஃபெஸ்டிங்கர் முன்வைத்த கருத்து. உறுத்தலைத் தணிக்க மனதுக்குச் சில வழிகள் உண்டு. செய்ததை மாற்றலாம், அதாவது விற்றுவிடலாம். அது கசக்கும் என்பதால், பொருள் அருமையானது என்று எண்ணத்தை மாற்றிக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் புதுக் காரணம் தேடும். உங்கள் லென்ஸ் அந்தக் கடைசி வகை.

1956-இல் ஜாக் பிரெம் செய்த சோதனை ஒன்று. வீட்டு உபயோகப் பொருள்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, இரண்டைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டால், எடுத்தது ஏறியிருந்தது, விட்டது இறங்கியிருந்தது. தேர்ந்தெடுக்க விடாமல் பரிசாகக் கொடுத்தபோது அப்படி ஏறவில்லை. நாமே தேர்ந்தெடுத்தது என்றால்தான் நியாயப்படுத்தும் வேலை மும்முரமாக நடக்கிறது. வாங்கிய பிறகும் அதே கேமராவின் விமர்சன வீடியோக்களைத் தேடிப் பார்க்கிறீர்களா? அதுவும் இதே வேலைதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 4 தவணை கட்டியாகிவிட்டது. மீதி 8 தவணை, 152. இன்றே முடித்தால் வரப்போகும் வட்டி போக அசல் ஏறக்குறைய 140, முன்கூட்டி அடைக்கும் கட்டணம் ஒரு 4 என்று வையுங்கள். நண்பர் தரும் 130 போக உங்கள் கையிலிருந்து 14. ஒரு தவணையை விடக் குறைவு! அதோடு மாதம் 19 கட்டுவது நிற்கும். லென்ஸ் வாங்கினாலோ 152-உடன் 60 சேர்ந்து 212 கடன். ‘பிறகு கட்டு’ என்கிற திட்டங்கள், தாமதமானால் அபராதம் எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் போடுவதே இல்லை.

ஆனால் உறுத்தல் வந்தாலே விற்றாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேமராவின் கார்டைக் கணினியில் போட்டு, படங்கள் எந்தெந்தத் தேதியில் எடுத்தவை என்று பாருங்கள். நான்கு மாதமும் பரவலாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸ் இல்லாமலேயே. எல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே முடிந்திருந்தால், கையில் 130 இருந்தால் இந்தப் பழைய கேமராவை இன்று வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், கடன் கொடுத்தவரிடம் இன்றைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிட்டு நண்பரைக் கூப்பிடுங்கள். அவரும் மனம் மாறக்கூடிய ஆள்தானே.