ஏப்ரல்ல ஆரம்பிக்கிற கணக்கு வருஷத்துக்கு காலாண்டும் வாரமும் போடுறது எப்படி?

"அண்ணே, சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா இருக்கேன். குலை லோரி ஏத்துன கணக்கை எக்ஸெல்ல தேதிவாரியா அடிச்சு வெச்சிருக்கேன். எங்க கணக்கு வருஷம் ஏப்ரல் டு மார்ச். பைவட் டேபிள்ல குவாட்டர் போட்டா ஜனவரியைத்தான் முதல் குவாட்டர்னு காட்டுது. வாரத்துக்கு WEEKNUM போட்டு 13 கழிச்சேன், டிசம்பர் வரைக்கும் சரியா வந்துச்சு, ஜனவரில -12ன்னு வருது. என்னண்ணே பண்றது?"

தங்கச்சி, முதல்ல பைவட்டை விட்டுடுங்க, அதுல வலது கிளிக் பண்ணி குரூப் போட்டா அதுக்கு தெரிஞ்சது ஜனவரி டு டிசம்பர் மட்டும்தான், ஏப்ரல்ல ஆரம்பிக்கச் சொல்ல அங்க இடமே இல்ல. ஷீட்லயே பக்கத்துல நாலு காலம் போட்டு வெச்சுட்டு, பைவட்ல அந்த காலங்களை இழுத்து போடுறதுதான் வழி.

தேதி A காலத்துல இருக்குன்னு வெச்சுக்குறேன். B-ல அந்த தேதி எந்த கணக்கு வருஷத்தை சேர்ந்ததோ அந்த வருஷத்தோட ஏப்ரல் 1ஐ எடுத்து வெச்சுக்கணும், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் பொறக்கும்.

```
B2: =DATE(YEAR(A2)-(MONTH(A2)<4),4,1)
C2: =YEAR(B2)&"/"&RIGHT(YEAR(B2)+1,2)
D2: =INT(MOD(MONTH(A2)+8,12)/3)+1
E2: =INT((A2-B2+WEEKDAY(B2,2)-1)/7)+1
```

B-ல நடக்கறது சின்ன விஷயம்தான், மாசம் 4க்கு கீழ இருந்தா வருஷத்துல ஒண்ணு கழியுது, அவ்ளோதான். B-ல தேதிக்கு பதிலா 45 ஆயிரத்து சொச்சம்னு ஒரு நம்பர் தெரிஞ்சா பயப்படாதீங்க, தேதி ஃபார்மேட் குடுத்தா சரியாயிடும். C-ல 2025/26ன்னு வரும். வெறும் 2025ன்னோ 2026ன்னோ ஒத்த நம்பரா எழுதாதீங்க, தோட்டத்துல ஆளுங்க ஆரம்பிக்கிற வருஷத்தை சொல்லுவாங்க, வரி கணக்கு பாக்குறவர் முடியிற வருஷத்தை சொல்லுவார், ஏன்னா 2026 மார்ச் 31ல முடியிற கம்பெனி கணக்கு 2026 மதிப்பீட்டு ஆண்டுக்குத்தான் போகும். ரெண்டு பேரும் ஒரே பைலை வெச்சுக்கிட்டு வேற வேற வருஷத்தை பேசிட்டு இருந்ததை நான் பாத்திருக்கேன்.

D-ல 8 எதுக்குன்னா, ஏப்ரல் 4, 8 கூட்டுனா 12, பன்னெண்டால வகுத்தா மீதி 0. மே 1, ஜூன் 2, இப்படியே போய் மார்ச் 11ல நிக்கும். மூணு மூணா வெட்டி ஒண்ணு கூட்டுனா குவாட்டர் வந்துடும். 4 கழிச்சும் எழுதலாம், எக்ஸெல்ல ஓடும், ஆனா வேற சில மொழிகள்ல நெகட்டிவ் நம்பரோட மீதி நெகட்டிவாவே வந்துடும், அதனால எனக்கு கூட்டுறதுதான் பழக்கம்.

இப்ப உங்க -12. WEEKNUM ஜனவரி 1 வந்தா மறுபடி 1ல இருந்து எண்ண ஆரம்பிச்சுடும், அதுல 13 போனா -12 வராம என்ன வரும்? சிலர் EDATE போட்டு மூணு மாசம் பின்னாடி தள்ளி அதுக்கு WEEKNUM போடுவாங்க, அதுவும் வேணாம், மே 31ஐ மூணு மாசம் தள்ளுனா பிப்ரவரி 28ல போய் ஒட்டிக்கும், மே 28ம் அங்கதான் போகும். மாசம், குவாட்டருக்கு அது பரவாயில்ல, வாரத்துக்கு ஆகாது. E-ல இருக்கற ஃபார்முலா ஏப்ரல் 1ல இருந்து எத்தனை நாள் ஆச்சுன்னு எண்ணி, ஏப்ரல் 1 என்ன கிழமைன்னும் பாத்து, திங்கள் தோறும் புது வாரம் போடும். ஞாயித்துக்கிழமை வாரம் ஆரம்பிக்கணும்னா WEEKDAY-க்குள்ள 2ஐ 1 ஆக்குங்க, போதும்.

இந்த தேதிகளை அடிச்சு பாத்துட்டு அப்புறம் கீழ வரைக்கும் இழுங்க. 31 மார்ச் 2025 அடிச்சா 2024/25, குவாட்டர் 4, வாரம் 53. மறுநாள் 1 ஏப்ரல் 2025க்கு 2025/26, குவாட்டர் 1, வாரம் 1. 31 டிசம்பர் 2025ம் 1 ஜனவரி 2026ம் ரெண்டுமே வாரம் 40 வரணும், குவாட்டர் மட்டும் 3ல இருந்து 4க்கு மாறணும். நீங்க மாட்டுன இடம் அதுதான்.

வாரம் 53ஐ பாத்து பிழைன்னு நெனைச்சுடாதீங்க. 2026 மார்ச் 31 செவ்வாய், அதனால 2025/26ல வாரம் 53க்கு திங்கள், செவ்வாய் ரெண்டே நாள்தான், மீதி புதன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் அடுத்த கணக்கு வருஷத்து வாரம் 1. ஒரு நாளைக்கு 20 டன், வாரத்துக்கு ஆறு நாள் வெட்டுன்னு வெச்சுக்குவோம், வழக்கமா 120 டன் வரணும். வாரம் 53ல 40 டன், வாரம் 1ல 80 டன்னு காட்டும். மேனேஜர் கிராஃபை பாத்துட்டு குலை எங்க போச்சுன்னு கேப்பார், குலை எங்கயும் போகல, வாரம்தான் ரெண்டா பொளந்து கெடக்கு. அந்த வாரத்தை ஒட்ட வைக்கிறேன்னு வருஷத்தை மாத்தி எழுதாதீங்க, வார டன்னை கூட்டுனா வருஷ டன் வரணும், இல்லாட்டி ஆடிட் நேரத்துல தொல்லை. கிராஃபுக்குன்னு தனியா ஒரு காலம் போட்டு அந்த வாரத்து திங்கட்கிழமை தேதியை வெச்சுக்குங்க, கிராஃபுல மட்டும் வாரம் உடையாம ஓடும்:

```
F2: =A2-WEEKDAY(A2,2)+1
```

இதெல்லாம் சரியா போட்டும் குவாட்டர் தப்பா வந்தா, ஃபார்முலாவை நோண்டாதீங்க, A காலத்தை பாருங்க. கம்ப்யூட்டர் அமெரிக்க தேதி முறையில இருந்துச்சுன்னா, மில்லுல இருந்து வந்த பைலை தொறக்கும்போது 03/04/2025ஐ அது மார்ச் 4ன்னு படிச்சுடும், ஏப்ரல் 3ல ஏத்துன லோரி போன வருஷத்து கடைசி குவாட்டர்ல போய் உக்காந்துக்கும், ஒரு எரர் கூட வராது. 13/04/2025 மாதிரி தேதிக்கு 13வது மாசம் இல்லாததால அது வெறும் எழுத்தாவே நின்னுடும், செல்லோட இடது பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். `=ISNUMBER(A2)` போட்டு இழுத்து பாருங்க, 13ம் தேதில இருந்து மாசக் கடைசி வரைக்கும் FALSE வந்துச்சுன்னா, 1ல இருந்து 12 வரைக்கும் இருக்கறதுலயும் நாளும் மாசமும் இடம் மாறி இருக்குன்னு அர்த்தம். Text to Columns-ல DMY குடுத்தா எழுத்தா நிக்கிறது மட்டும்தான் தேதியா மாறும், ஏற்கனவே மாறி உக்காந்ததை அது தொடாது. அதனால விண்டோஸ்ல ரீஜனை English (Malaysia)ன்னு மாத்திட்டு, மில் குடுத்த மூல பைலையே மறுபடி தொறங்க.

தேதி போடாம விட்ட வரிக்கு C-ல 3799/00ன்னு வரும். காலி செல்லை எக்ஸெல் 1900ன்னு எடுத்துக்கும், அதுல ஒண்ணு கழிஞ்சு 1899, 1900க்கு கீழ வர்ற வருஷத்தோட DATE இன்னொரு 1900ஐ கூட்டிடும். பைவட்ல 3799ன்னு ஒரு வருஷம் தெரிஞ்சா, ஏதோ ஒரு லோரிக்கு தேதி அடிக்காம விட்டிருக்கீங்க, சீட்டை எடுத்து பாத்து போட்டுடுங்க.