இலை போடுகிறவர்களுக்கு யார் பேசுவது?

*எங்கள் ஐயா 1975-இல் ஆத்தங்குடியில் தரைக்கல் ஊற்றும் பட்டறை தொடங்கினார்கள். பிறகு அவர்கள் மகனான என் அப்பச்சி, இப்போது நான். அடுத்த மாதம் ஐம்பதாம் ஆண்டு விழா. ஆடிட்டர் எடுத்துக் கொடுத்த 22 தேதிகளை வரிசையாக வைத்து 20 நிமிட உரை எழுதியிருக்கிறேன். நிலம் வாங்கியது, இரண்டாவது கொட்டகை, லாரி, 1998-99-இல் ஆர்டர் இல்லாதபோதும் ஆளைக் குறைக்காதது, ஜிஎஸ்டி பதிவு எல்லாம் இருக்கிறது. கடைசிப் பத்தியில், அடுத்த ஆண்டு காரைக்குடியில் திறக்கப்போகும் ஷோரூம். என் மனைவி படித்துவிட்டு, "பள்ளிக்கூடச் சரித்திரப் பாடம் மாதிரி இருக்கிறது" என்கிறார். பழையதையும் புதியதையும் எப்படிச் சமமாக வைப்பது? உரை நடக்கும்போது பட்டறை ஆட்கள் 14 பேரும் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் விருந்தினருக்கு ஏற்றபடி இருந்தால் போதும்.*

*— வாசகர், ஆத்தங்குடி*

தம்பி, உங்கள் உரை ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கான காரணத்தை நீங்களே கடைசி இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள். அதை எழுதியபோது உங்கள் கை கூசவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். ஐம்பது வருஷமாகக் கல் ஊற்றிய கைகள் அன்றைக்கு இலை போட வேண்டும். லாரி வாங்கிய தேதியை விருந்தினர் கேட்க வேண்டும். இதுதானே ஏற்பாடு?

முதலில் அதை மாற்றுங்கள். பரிமாறச் சமையல்காரரின் ஆட்கள் வரட்டும். போதாவிட்டால் நீங்களும் உங்கள் பங்காளிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். விசேஷம் நடத்துகிற வீட்டார் வாளி தூக்கிப் பரிமாறுவது நம் பக்கத்தில் புதிதில்லை. 14 பேரும் தங்கள் வீட்டாரோடு வந்து உட்காரட்டும். முதல் பந்தியும் அவர்களுக்கே இருக்கட்டும். இதைச் செய்ய மனமில்லை என்றால் இதற்குமேல் படிக்க வேண்டாம். அவர்கள் இல்லாத கூட்டத்தில் உங்களுக்குத் தேதிகளைத் தவிரப் பேச ஒன்றும் கிடைக்காது.

எப்படி என்கிறீர்களா? நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளைப் பாருங்கள். நிலம், கொட்டகை, லாரி, பதிவு. எல்லாமே முதலாளி வாங்கியவை, முதலாளி கையெழுத்திட்டவை. ஆடிட்டரின் கோப்பில் பத்திரமும் ரசீதும்தான் இருக்கும். அங்கிருந்து எடுத்தால் சொத்து விவரம்தான் வரும், பட்டறையின் கதை வராது. உங்கள் பட்டியலில் மனிதர் நடமாடுகிற இடம் ஒன்றே ஒன்று: 1998-99. ஆர்டர் இல்லை, ஆளைக் குறைக்கவில்லை. அதைப் போய் லாரிக்கும் ஜிஎஸ்டிக்கும் நடுவில் அரை வரியாகச் செருகியிருக்கிறீர்கள். உரை மொத்தமும் அதன்மேல் நிற்க வேண்டும்.

இனி அப்பச்சியிடம் போய் உட்காருங்கள். "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் இன்னும் பத்துத் தேதி வரும். மெஷின் டைல்ஸ் வீடு வீடாக நுழைந்த அந்த நாளில் ஆளைக் குறைக்கச் சொல்லி யார் யோசனை சொன்னார்கள்? ஏன் கேட்கவில்லை? சம்பளம் முழுசா, பாதியா? பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய நகை போனது? ஊற்றிய கல்லை வாங்க ஆளில்லாமல் எங்கே அடுக்கினீர்கள்? இப்படிக் கேளுங்கள். பிறகு அந்த இரண்டு வருஷத்துச் சம்பள நோட்டைத் தேடி எடுங்கள். பட்டறையில் அன்று இருந்து இன்றும் இருக்கிறவரிடம் இதே கேள்விகளைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகாத இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். முதலாளிக்கு அது தியாகம், தொழிலாளிக்கு அது பாதிச் சம்பளத்தில் ஓட்டிய குடும்பமாக இருக்கலாம். இரண்டையும் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தின் பெருமையை மட்டும் சொன்னால் நோட்டைப் பார்த்தவர் மனசுக்குள் சிரிப்பார்.

சமமாக வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தராசு வேண்டாம். பழைய கணக்குப் பேரேட்டில் புதுப் பக்கம் திருப்பினால் முதல் வரியில் முன்பக்க இருப்பை மட்டும் எழுதுவார்கள், முந்தின பக்கத்தை அப்படியே நகலெடுக்க மாட்டார்கள். மேடையில் பழங்கதைக்கு இருக்கிற இடமும் அந்த வரிதான். நாளைக்குக் கொண்டுபோக என்ன மிச்சம் இருக்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் 22-இல் மூன்றுதான் தேறும். 1975, 1998-99, அடுத்த ஆண்டு. மீதிப் பத்தொன்பதை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வாசலில் ஒரு பலகையில் அச்சடித்து வையுங்கள். நின்று படிக்கிற கண்ணுக்குத் தேதி பிடிக்கும். உட்கார்ந்து கேட்கிற காது மூன்று தேதிக்கு மேல் ஏற்காது.

எதை வெட்டுவது என்று தெரியாமல் தடுமாறினால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் பிரதியில் "அதைத் தொடர்ந்து", "பின்னர்", "மேலும்" என்று வருகிற இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். காலண்டரைத் தவிர வேறெதுவும் அந்த இரண்டு வரியைச் சேர்க்கவில்லை என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி. ஒவ்வொன்றுக்கும் பதிலாக "அதனால்" அல்லது "ஆனாலும்" போட்டுப் பாருங்கள். "1983-இல் இரண்டாவது கொட்டகை கட்டினோம், பின்னர் லாரி வாங்கினோம்" என்பதில் எதைப் போட்டாலும் ஒட்டாது; அந்த வரி பலகைக்குப் போகட்டும். "ஆர்டர் நின்றது, ஆனாலும் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அதனால் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் தேடி வந்தபோது நம்மிடம் கை பழகிய ஆள் இருந்தார்கள்" என்பது ஒட்டும், அது உண்மையாகவும் இருந்தால். இல்லையென்றால் உங்கள் பட்டறையில் என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்று காரணத்தைச் சமைக்காதீர்கள்.

தொடக்கத்தை 1975-இல் வைக்காதீர்கள். இன்றைய பட்டறையிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணாடிமேல் அச்சு வைத்து, அறை அறையாகக் கலர் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர் கலவை தூவிக் காரை போட்டு மூடுகிற வேலை உங்களுக்குத் தினசரி. பார்க்காதவருக்கு அது அதிசயம். ஊற்றுகிறவருக்குத் தெரிவது கல்லின் முதுகுதான். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியைப் பிரித்த பிறகுதான் முகம் தெரியும். இப்படித் தொடங்கலாம்:

"இன்றைக்கு நம் தொட்டியில் ஊறுகிற கல்லை ஊற்றியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கல்லின் முகத்தை அவரே இன்னும் பார்க்கவில்லை. ஆனால் கலர் ஒன்றோடொன்று கலந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கைப்பழக்கம் இந்தப் பட்டறையில் ஒருமுறை அற்றுப்போக இருந்தது. 1998-இல்."

நாலு வரியில் இன்றைக்கும் அன்றைக்கும் பாலம் விழுந்துவிட்டது பாருங்கள். ஐயா தொடங்கிய கதையை இதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில் சொல்லலாம். என்ன காப்பாற்றப்பட்டது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டதால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்தது ஷோரூம். விருந்தினருக்கு அது நல்ல சேதி. 14 பேர் அதைக் கேட்டால் மனசில் வேறு கணக்கு ஓடும்: காசு கடைக்குப் போகிறதா, பட்டறைக்கா? வயசான ஊற்றுக்காரர் வேலையை விட்டால் அந்த இடத்துக்கு யார்? உங்கள் 14 பேரில் முப்பது வயசுக்குக் கீழே எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. உரை எழுத உட்காரும் முன் எண்ணிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் உங்கள் எதிர்காலப் பேச்சு ஷோரூமைப் பற்றியது அல்ல, வேலை பழக வரும் பிள்ளைகளைப் பற்றியது. பழகுகிற மாதங்களில் என்ன சம்பளம், யார் கற்றுக்கொடுப்பது, கற்றுக்கொடுக்கிற மூத்தவருக்கு அதற்காகத் தனியாக என்ன தருவீர்கள் என்று முடிவெடுத்துவிட்டு வாருங்கள். முடிவெடுக்காததை மேடையில் சொல்லக்கூடாது. என்ன, எந்த மாதத்துக்குள், யார் பொறுப்பு என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பேங்க் லோன் கைக்கு வராத கடையைத் திறப்பதாக அறிவித்துவிட்டு, அடுத்த பொங்கலுக்கு ஊரில் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நிறைய.

மாறாதது எது என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். கையால் ஊற்றுவது தொடருமென்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எதிர்காலம் என்று முதலாளி வாயைத் திறந்தாலே மெஷின் வரப்போகிறது என்றுதான் தொழிலாளி நினைப்பார். வேலை நேரத்தையோ சம்பளத்தையோ தொடுகிற மாற்றம் எதுவானாலும் விழாவுக்கு முந்தின நாளே பட்டறையில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். தன் பிழைப்பைப் பற்றிய சேதியை மைக்கில் விருந்தினரோடு சேர்ந்து கேட்பது எந்த மனிதனுக்கும் கௌரவம் இல்லை.

20 நிமிடம் அதிகம். 12 போதும். இன்றைய பட்டறைக்கு இரண்டு, பழங்கதைக்கு ஐந்து, வரப்போவதற்கு நாலு, நன்றிக்கு ஒன்று. "மதிப்பிற்குரிய" என்று தொடங்கும் வரவேற்பு வரிசையை நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் தள்ளிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அதுவே மூன்று நிமிடத்தைத் தின்றுவிடும். கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் எல்லா உரையும் சின்னதாகத்தான் தெரியும்.

பெயர்களில் கவனம். 14 பேரில் 13 பெயரைச் சொல்லி ஒன்றை விட்டீர்களானால் கூட்டம் மறந்துவிடும், அந்த வீடு மறக்காது. சொன்னால் எல்லாரையும் சொல்லுங்கள், அல்லது இத்தனை வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் என்று ஒரு கோடு போட்டு அந்தக் கோட்டை மீறாதீர்கள். சம்பள நோட்டோடு இரண்டு பேர் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காலமானவர்களும் அதில் வர வேண்டும், அவர்கள் வீட்டுக்கு அழைப்பும் போக வேண்டும். யாரையாவது மேடைக்குக் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திடீரென்று மைக்கை நீட்டினால் கூச்சத்தில் அவர் தலை குனிந்து நிற்பார், பார்க்கிறவர்களுக்கும் தர்மசங்கடம்.

தேதிகளைக் குறைத்தால் அப்பச்சிக்குக் கோபம் வரும், நியாயம்தான். லாரி வாங்கியது உங்களுக்கு ஒரு வரி, அவர்களுக்குப் பல வருஷத் தவணை. அதனால் வாசல் பலகையை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். அந்தப் பத்தொன்பது தேதியும் அவர்கள் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்குப் போகட்டும். எழுத்து, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஆடிட்டர் தந்ததில் குறைந்தது ஒரு தேதியையாவது அப்பச்சி தப்பு என்பார்கள். பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க நாள் பிடிக்கும், ஆகவே விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பே பட்டியலை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.