உமர் சொன்ன யோசனையும் உஸ்மான் அனுப்பிய பிரதிகளும்

"அபூபக்ர் காலத்திலேயே குர்ஆனைத் தொகுத்துவிட்டார்கள் என்றால், உஸ்மான் மறுபடி எதற்குத் தொகுத்தார்?"

நபிகளுக்குப் பின் முஸ்லிம்களுக்குத் தலைமை ஏற்ற கலீஃபாக்களில் அபூபக்ர் முதலாமவர், உஸ்மான் மூன்றாமவர். இரண்டு தொகுப்பும் வேறு வேறு சிக்கலுக்காக நடந்தவை. நபிகள் 632-ல் மறைந்ததும் நடந்த யமாமா போரில், குர்ஆனை மனனம் செய்த பலர் கொல்லப்பட்டார்கள், இப்படியே போனால் வசனங்கள் தொலைந்துவிடும் என்று பயந்த நபித்தோழர் உமர், குர்ஆனைத் தொகுக்கும்படி அபூபக்ரிடம் யோசனை சொன்னார். நபி செய்யாததை நான் எப்படிச் செய்வது என்று முதலில் தயங்கிய அபூபக்ர், அப்புறம் நபிகளின் எழுத்தரான ஸைத் பின் ஸாபித்திடம் பொறுப்பைக் கொடுத்தார். ஸைத் ஈச்ச மட்டை, கல், மனிதர்களின் நினைவு என்று தேடிச் சேர்த்தார். அந்த ஏடுகள் கடைசியில் உமரின் மகள் ஹஃப்ஸாவிடம் இருந்தன.

உஸ்மான் காலத்துச் சிக்கல் ஓதுவதில் வந்த வேறுபாடு. அர்மீனியா, அஜர்பைஜான் பக்கம் போருக்குப் போன சிரியாக்காரர்களும் ஈராக்காரர்களும் வேறு வேறு விதமாக ஓதுவதைக் கண்டு கலங்கிய நபித்தோழர் ஹுதைஃபா, கலீஃபா உஸ்மானிடம் ஓடிவந்தார். உஸ்மான் ஹஃப்ஸாவின் ஏடுகளை வாங்கி, ஸைத்தோடு, நபிகளின் குலமான குறைஷியைச் சேர்ந்த மூன்று பேரையும் சேர்த்துப் பிரதி எடுக்கச் சொன்னார்; கருத்து வேறுபட்டால் குறைஷி வழக்கில் எழுத வேண்டும். 'தாபூத்' என்ற சொல்லின் கடைசி எழுத்து 'ஹா' என்றார் ஸைத், 'தா' என்றார்கள் குறைஷியர், உஸ்மான் 'தா'வையே ஏற்றார். தகராறு அந்த அளவு நுணுக்கமானது.

பிரதிகள் ஊர்களுக்குப் போயின, மற்ற ஏடுகளை எரிக்க உத்தரவு. ஆனால் அன்றைய அரபு எழுத்தில், ஒரே வடிவ எழுத்துகளைப் பிரித்துக்காட்டும் புள்ளிகள் அரிது, உயிர்க்குறிகள் இல்லை, அதனால் ஓதும் முறைகளில் சில வேறுபாடுகள் அதற்குப் பிறகும் நீடித்தன.