‘புத்தாண்டு வாழ்த்து’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் தம்பி

"அண்ணா, கனடாவில பிராம்ப்டன் வந்து நாலு மாசம் ஆகுது. என் டீம்ல தலைப்பாகை கட்டின ஒரு சர்தார் இருக்கார், ரொம்ப உதவி பண்றவர். அடுத்த வாரம் அவங்களுக்கு வைசாகியாம், குருத்வாராவுக்கு வரச் சொல்லியிருக்கார். நம்ம சித்திரை 1 மாதிரிதானே? என்ன சொல்லி வாழ்த்தணும், ஏதாவது வாங்கிட்டுப் போகணுமா? அப்புறம், பேஸ்மென்ட் வாடகை எந்தப் பக்கம் குறைவு, குளிர் கோட்டு எங்க வாங்கலாம்னும் சொல்லுங்க."

தம்பி, வாடகையும் கோட்டும் இங்கே நூறு பேர் சொல்வார்கள், அதை விடுங்கள். வைசாகி கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். 2008-இல் இதே ஊரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது இதில் நான் தவறு செய்திருக்கிறேன். அன்று சொல்லிக்கொடுக்க எனக்கு ஆள் இல்லை.

முதலில் அந்தச் சித்திரை 1. சூரியன் மேஷத்தில் நுழையும் கணக்கை வைத்துத்தான் நமக்கும் அவர்களுக்கும் நாள் வருகிறது. அதனால்தான் இரண்டும் ஒட்டி, ஏப்ரல் 13 அல்லது 14-இல் விழுகின்றன. ஆனால் சீக்கியர்களின் நானக்‌ஷாஹி நாட்காட்டியில் ஆண்டு மார்ச் நடுவிலேயே, சேத் மாதத்தோடு பிறந்துவிடுகிறது. வைசாக் இரண்டாவது மாதம். நம் ஆட்கள் பலர் 'ஹேப்பி நியூ இயர்' என்று போய்க் கைகொடுப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு நன்றி சொல்வார், திருத்த மாட்டார். பஞ்சாபிகளுக்கு இது கோதுமை அறுவடைத் திருநாள், அது உண்மை. ஆனால் சீக்கியருக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

1699 வைசாகி அன்று ஆனந்த்பூரில் சீக்கியரின் பத்தாம் குரு கோவிந்த் சிங் கூட்டத்தின் முன் வாளோடு நின்று, தலை தர யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். பஞ்ச் பியாரே, அன்புக்குரிய ஐவர், என்பது அவர்களைத்தான். ஐவரும் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. லாகூர், அஸ்தினாபுரம், துவாரகை, பூரி என்று நாலா பக்கமும் இருந்து வந்தவர்கள். ஐந்தாமவர் நம் பக்கத்துக் கர்நாடகத்து பீதர்காரர், முடி திருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். குரு இரும்புக் கிண்ணத்தில் நீரும் சர்க்கரைப் பதாசாவும் போட்டு, இருபுறமும் கூரான கண்டா வாளால் கலக்கி அமிர்தம் கொடுத்தார். பிறகு அந்த ஐவரிடமே குனிந்து தானும் வாங்கிக்கொண்டார். அமிர்தம் எடுத்த சீக்கியரின் சமூகமான கால்சா பிறந்தது அப்படித்தான். இதை நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும், அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். "உங்கள் அறுவடைப் பண்டிகை" என்று மட்டும் பேசிவிட்டு வராமல் இருப்பீர்கள்.

சரி, என்ன சொல்வது? 'ஹேப்பி வைசாகி' போதும், அதில் குறையே இல்லை. பஞ்சாபியில் சொல்ல ஆசை என்றால் "விசாக்கி தியாங் லக் லக் வதாயியாங்". லட்சம் லட்சம் வாழ்த்துகள் என்று பொருள். கடைசி 'ங்' அழுத்தமாக வராது, மூக்கோடு கரைந்துவிடும். அவர் "துஹானூ வீ" என்பார், உங்களுக்கும் என்று. அதோடு முடிந்தது. மற்ற நாட்களில் பார்த்ததும் கைகூப்பி "ஸத் ஸ்ரீ அகால்" சொல்லலாம், பதிலும் அதேதான் வரும். வயதில் பெரியவராக இருந்தால் பெயரோடு 'ஜி' சேருங்கள். பழகியவர் என்றால் 'பாஜி', நம் அண்ணன் மாதிரி.

இப்போது நான் செய்தது. அந்த வருடம் ஒரு ஊர்வலக் காட்சியில் "போலே ஸோ நிஹால்" என்று கேட்டிருந்தேன், அதுதான் பண்டிகை வாழ்த்து என்று நானே முடிவு செய்துகொண்டேன். வைசாகி அன்று சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் உரக்கச் சொன்னேன். மேசையைச் சுற்றி நாலு பேர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நாலு பேரும் முழுத் தொண்டையில் "ஸத் ஸ்ரீ அகால்" என்றார்கள். அப்புறம் அறையே அமைதியாகிவிட்டது. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. அவர்களில் மூத்த பெரியவர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். அது ஜைக்காரா என்னும் வெற்றி முழக்கம், வணக்கம் அல்ல. கூடியிருக்கும் சபையில் பிரார்த்தனை முடியும்போது ஒருவர் எழுப்புவார், கேட்ட சீக்கியர் எங்கிருந்தாலும் பதில் கொடுப்பார். யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் பொருள் தெரியாத முழக்கத்தை வாயில் எடுக்காதீர்கள். "வாஹேகுரு ஜி கா கால்சா, வாஹேகுரு ஜி கி ஃபதே" என்பதும் அப்படித்தான், அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வணக்கம். உங்களிடம் யாராவது சொன்னால் கைகூப்பி "ஸத் ஸ்ரீ அகால்" என்று பதில் சொன்னால் போதும்.

இன்னொன்று, இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். நம் ஆட்களிடம் சர்தார்ஜி நகைச்சுவை ஒரு மூட்டை இருக்கிறது, பன்னிரண்டு மணி என்பார்கள், சிங் என்றாலே சிரிப்பார்கள். விமானம் ஏறும்போதே அதை விட்டுவிட வேண்டும். இருபது வருடமாக இங்கே இருந்தும் வாட்ஸ்அப்பில் அதை அனுப்புகிற தமிழர்களை எனக்குத் தெரியும். நாம் மதராஸி என்று கேலி கேட்டு வளர்ந்தவர்கள், நமக்கு அது வலிக்கும் இடம் தெரியும். அதேபோல், தலைப்பாகை இல்லாத சீக்கியரிடம் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். தலைப்பாகையைத் தொட்டுப் பார்க்கவும் கேட்காதீர்கள். பஞ்சாபி பேசுகிறவர் எல்லாம் சீக்கியர் என்றும் நினைத்துவிட வேண்டாம், இந்துப் பஞ்சாபிகளும் முஸ்லிம் பஞ்சாபிகளும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஏப்ரல் 13 என்றதும் 1919-இன் ஜாலியன்வாலாபாக் நினைவு வரும் குடும்பங்களும் உண்டு. அந்தப் பேச்சை அவர் எடுத்தால் கேளுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம்.

பரிசு அவசியமே இல்லை. எடுத்துப் போக ஆசையா, இனிப்புப் பெட்டி நல்லது. கேக் வேண்டாம். அமிர்தம் எடுத்தவர்களில் பலர் முட்டை தொட மாட்டார்கள், கேட்காமல் வாங்கினால் அவருக்குத்தான் சங்கடம். மது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். "பஞ்சாபி என்றால் குடிப்பார்" என்று சொல்லிக்கொடுக்கும் அலுவலக நண்பரை நம்பாதீர்கள். குருத்வாராவுக்கு என்றால் லங்கர் என்கிற பொதுப் பந்திச் சமையலுக்குப் பயன்படுவதாக வாங்குங்கள். நான் இன்றும் நாலு லிட்டர் பால் பை ஒன்று வாங்கிப் போகிறேன், உள்ளே மூன்று சின்னப் பைகள் இருக்குமே, அதுதான். சமையலறை வாசலில் கொடுத்தால் யாராவது வாங்கிக்கொள்வார்கள், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். பையில் சிகரெட்டோ புகையிலையோ இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வாசலிலேயே செருப்பு, ஷூவைக் கழற்றி, கையைக் கழுவி, தலையை மூடுங்கள். தொப்பி போதாது, துணி வேண்டும். வாசலில் ஒரு கூடையில் ரூமால் வைத்திருப்பார்கள், எடுத்து நெற்றிக்கு மேல் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். பெரிய மண்டபத்தில் அவர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிப் முன்னால் போய் நெற்றி தரையில் படக் குனிந்து வணங்குவார்கள். கும்பிட்டு நின்றாலும் தவறில்லை. உண்டியலில் ஒரு டாலர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. தரையில் உட்காருங்கள், காலை முன்பக்கம் நீட்டாதீர்கள். அது மட்டும் நம் கோயில் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தானாக வரும்.

கடா பிரசாதம் கொண்டுவருவார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் கிளறியது. இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து, உட்கார்ந்தபடியே வாங்க வேண்டும். முதல் தடவை நான் ஒரு கையை நீட்டினேன். பரிமாறிய பையன் கொடுக்காமல் நின்றான், பக்கத்தில் இருந்தவர் என் இன்னொரு கையைப் பிடித்துச் சேர்த்து வைத்தார். சூடாக, நெய் விரலிடுக்கில் வழிய விழுந்தது. வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அதிகம் சாப்பிட முடியாதென்றால் "தோடா" என்று சொல்லுங்கள், கொஞ்சமாக வைப்பார்கள்.

லங்கரில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மேலதிகாரியும் கிடங்குத் தொழிலாளியும் ஒரே பாயில்தான். ரொட்டியை 'பர்ஷாதா' என்பார்கள், அதற்கும் இரண்டு கை நீட்ட வேண்டும். எல்லாம் சைவம். போதும் என்றால் நாம் இலை மேல் கையைக் காட்டுவது போலத் தட்டின் மேல் காட்டுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள். சாப்பிட்டதும் பாத்திரம் கழுவும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் உங்கள் நண்பர் அதை வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்.

காலையிலேயே போக முடிந்தால் போங்கள். வைசாகியையொட்டி வெளியே நிற்கும் நிஷான் சாஹிப் கொடிக்கம்பத்தின் துணியை மாற்றுவார்கள். 2008-இல் என்னைக் கூட்டிப் போனவர் அந்தப் பெரியவர்தான். சாப்பாட்டு அறையில் நான் முழங்கிய அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை. கம்பத்தைச் சாய்த்து, பழைய துணியை உருவி, கம்பம் முழுவதையும் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவினார்கள். பால் மண்ணில் விழுந்த இடத்தில் ஆவி எழுந்தது, அவ்வளவு குளிர். பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் தேய்த்தார், விரல்கள் சிவந்துபோயின. என்னையும் தேய்க்கச் சொன்னார். அன்று ஊரில் எங்கள் வீட்டில் சித்திரைக் கனியும் மாங்காய்ப் பச்சடியும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். நான் இங்கே தனியாக ஒரு அறையில் அதைக் கொண்டாடாமல் விட்டிருந்தேன். அவரிடம் அதைச் சொன்னபோது, "அப்படியானால் உனக்கும் இது பண்டிகைதானே" என்று இரண்டாவது தடவை லங்கர் வரிசையில் உட்காரவைத்தார்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு டொரொன்டோவில் கால்சா ஊர்வலம் நடக்கும், அதுவும் கூப்பிட்டால் போங்கள். வழியெல்லாம் சாப்பாடு இலவசமாகக் கொடுப்பார்கள். அது பண்டிகை நாள் அல்ல, ஊர்வலம்தான் பிறகு நடக்கிறது. எனவே வாழ்த்தை அதுவரை தள்ளிப்போடாமல், அவர் வீட்டில் எந்தத் தேதியில் கொண்டாடுகிறார்கள் என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் மட்டும் நல்லதாகப் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே எல்லோர் காலும் தெரியும்.