குள்ளன் எது, இராட்சதன் எது: ரோகிணியை வைத்து ஒரு கணக்கு

கேள்வி: கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன், உயர்தரம் கணிதப் பிரிவு. வானியல் ஒலிம்பியாட்டுக்குப் படிக்கிறேன். ஒளிர்வு–வெப்பநிலை வரைபில் புள்ளிகளைத் தந்து எது முதன்மைத் தொடர், எது இராட்சதன், எது குள்ளன் என்று கேட்கிறார்கள். சூரியனை ஒரு இடத்தில் மஞ்சள் குள்ளன் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் முதன்மைத் தொடர் என்கிறார்கள். எதை நம்புவது? படத்தை மனப்பாடம் செய்யாமல் பிரிக்க வழி உண்டா? ஒரு விண்மீனை எடுத்துச் செய்து காட்டினால் நல்லது.

பதில்: தம்பி, இரண்டையும் நம்பலாம். குழப்பம் 'குள்ளன்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்பிரங்கும் அமெரிக்காவின் ரசலும் தனித்தனியே ஒன்றைக் கவனித்தார்கள். சிவப்பு விண்மீன்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் சில மிகப் பிரகாசமானவை, மற்றவை மிக மங்கலானவை, நடுத்தரமானவை அரிது. பிரகாசமான கூட்டத்துக்கு இராட்சதன் என்றும் மற்றதற்குக் குள்ளன் என்றும் பெயர் வந்தது. அந்தக் குள்ளர்கள் எல்லாரும் வரைபில் ஒரே பட்டையில் வரிசையாக விழுந்தார்கள். அந்தப் பட்டைதான் முதன்மைத் தொடர். ஆகவே மஞ்சள் குள்ளனும் சிவப்புக் குள்ளனும் முதன்மைத் தொடர் விண்மீன்களே. வெள்ளைக் குள்ளன் மட்டும் வேறு சாதி: எரிபொருள் தீர்ந்துபோன விண்மீனில் மிஞ்சிய கரு அது. மூன்றாகப் பிரிக்கச் சொல்லும் வினாவில் 'குள்ளன்' என்று வந்தால் பெரும்பாலும் அதைத்தான் கருதுகிறார்கள்.

இனி மனப்பாடம் இல்லாத வழி. இந்த வரைபு வெப்பநிலையையும் ஒளிர்வையும் காட்டுகிறது, ஆனால் அதற்குள் மூன்றாவதாக ஒரு கணியமும் ஒளிந்திருக்கிறது: விண்மீனின் ஆரை. சிரட்டைத் தணலை நினைத்துப் பாருங்கள். ஒரு துண்டுத் தணலும் அடுப்பு நிறைந்த தணலும் ஒரே சிவப்பாக இருக்கலாம். நிறம் ஒன்றென்றால் வெப்பநிலையும் ஒன்று, அப்போது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் விடும் சக்தியும் ஒன்று. ஆனால் அடுப்பின் பக்கத்தில் நின்றால் முகம் சுடும், துண்டுத் தணலின் பக்கத்தில் சுடாது. வித்தியாசம் பரப்பில்தான். நீங்கள் பௌதிகவியலில் படித்த ஸ்ரெபானின் விதி இதையேதான் சொல்கிறது. சூரியனை 1 என்று வைத்துக்கொண்டால் அது இப்படிச் சுருங்கும்:

```
R = √L / (T/5772)²
```

L என்பது சூரியனைப் போல எத்தனை மடங்கு ஒளிர்வு என்பது, T கெல்வினில் மேற்பரப்பு வெப்பநிலை, 5772 சூரியனின் வெப்பநிலை. விடை சூரிய ஆரைகளில் கிடைக்கும்.

இதை ரோகிணியில் செய்து பார்ப்போம். தைப்பொங்கல் நாட்களில் இரவு 9 மணியளவில் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ உச்சியில், சற்று வடக்கே, செம்மஞ்சளாகத் தெரியும் விண்மீன் அது. அதன் தோற்றப் பொலிவெண் 0.86, தூரம் 20 பார்செக், அதாவது ஏறத்தாழ 65 ஒளியாண்டு. மேற்பரப்பு வெப்பநிலை 3900 கெல்வின்.

முதலில் தூரத்தின் விளைவை நீக்க வேண்டும். எல்லா விண்மீன்களையும் 10 பார்செக் தூரத்தில் நிறுத்தினால் எவ்வளவு பொலிவாகத் தெரியும் என்பதே தனிப் பொலிவெண்:

```
M = m − 5 log(d/10)
  = 0.86 − 5 log 2
  = −0.65
```

அதே தூரத்தில் சூரியன் 4.83. வித்தியாசம் 5.48. பொலிவெண்ணில் 5 குறைந்தால் ஒளி 100 மடங்கு கூடும், எனவே 5.48 என்றால் ஏறத்தாழ 155 மடங்கு. இந்த 155ஐ அப்படியே சமன்பாட்டில் போட்டால் ஆரை 27 வரும். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நாம் எடுத்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும். 3900 கெல்வினில் உள்ள பொருள் தன் சக்தியின் பெரும்பகுதியை அகச்சிவப்பில் விடுகிறது. அதையும் சேர்த்தால் ரோகிணியின் மொத்த ஒளிர்வு சூரியனைப் போல 430 மடங்கு அளவில் வரும். அப்புறம் கணக்கு இப்படி: 430இன் வர்க்கமூலம் 20.7, 3900ஐ 5772ஆல் வகுத்து வர்க்கித்தால் 0.457, ஆரை 45.

இந்த 45 சரிதானா என்று வேறு வழியால் பார்க்கலாம். சந்திரன் 27 பேரில் ரோகிணியிடம் மட்டும் பிரியமாக இருந்தான் என்ற கதை எங்கள் வீடுகளில் சொல்வார்கள். வானத்திலும் சந்திரன் சில ஆண்டுகளில் மாதாமாதம் ரோகிணியின் குறுக்கே போகிறான். அப்படி மறைக்கும்போது விண்மீனின் ஒளி ஒரேயடியாக அணையாமல் செக்கனின் சிறு பகுதிக்குள் குறைந்து மறையும். அந்த நேரத்தை அளந்தால் விண்மீனின் கோண விட்டம் கிடைக்கும்: ஒரு விகலையின் ஆயிரத்தில் ஏறத்தாழ 20 பங்கு. 20 பார்செக் தூரத்தோடு அதைப் பெருக்கினால் ஆரை 43 அளவில் வருகிறது. ஒளிர்வைத் தொடாத அளவீடு நம் விடையின் பக்கத்திலேயே வந்து நிற்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

இப்போது அதே செம்மஞ்சள் நிறத்தில் இன்னொரு விண்மீன், 61 சிக்னி ஏ. நிறமாலை வகையில் இரண்டுமே கே5. இதன் வெப்பநிலை 4500 கெல்வினுக்குக் கிட்ட, மொத்த ஒளிர்வு சூரியனின் 0.15 பங்கு. சமன்பாடு தரும் ஆரை 0.64. சூரியனை விடச் சிறிது, பட்டையின் மேலேயே விழுகிறது: முதன்மைத் தொடர். ரோகிணியின் 3900 கெல்வினில் இருக்கும் முதன்மைத் தொடர் விண்மீனோ சூரியனின் பத்தில் ஒரு பங்கு ஒளிர்வைக்கூட எட்டாது. ரோகிணி அதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு மேலே நிற்பதால் அது இராட்சதன் என்பதில் சந்தேகமே வராது. மூன்றாவதாக சிரியசின் துணை, சிரியஸ் பி. வெப்பநிலை 25,000 கெல்வின், ஒளிர்வு சூரியனின் நாற்பதில் ஒரு பங்கு. ஆரை 0.008, அதாவது பூமியை விடச் சற்றே சிறிது. இவ்வளவு சூடான பொருள் இவ்வளவு மங்கலாக இருப்பதற்கு அதன் சிறிய பரப்பே காரணம். இது வெள்ளைக் குள்ளன்.

பரீட்சையில் ஒவ்வொரு புள்ளிக்கும் இந்தக் கணக்கைச் செய்ய நேரம் இருக்காது. இரு அச்சுகளும் மடக்கை அளவில் இருந்தால் அடிமட்டம் போதும். ஆரை மாறாமல் வெப்பநிலை இரு மடங்கானால் ஒளிர்வு 16 மடங்காகும். ஆகவே சூரியனின் புள்ளியிலிருந்து 11,544 கெல்வின், ஒளிர்வு 16 என்ற புள்ளிக்கு ஒரு நேர்கோடு இழுத்து இருபுறமும் நீட்டுங்கள். அது ஆரை 1இன் கோடு. அதற்குச் சமாந்தரமாக ஒளிர்வில் 100 மடங்கு மேலே இன்னொன்று இழுத்தால் ஆரை 10, அதற்கும் 100 மடங்கு மேலே ஆரை 100. கீழே 10,000 மடங்கு இறங்கினால் ஆரை 0.01, வெள்ளைக் குள்ளர்கள் அந்தக் கோட்டை ஒட்டியே கிடப்பார்கள். முதன்மைத் தொடர் இந்தக் கோடுகளை விடச் செங்குத்தாக ஏறுவதையும் அப்போது காண்பீர்கள். சிவப்பு முனையில் அது ஆரை 0.2க்குக் கிட்டத் தொடங்கி, நீல முனையில் 5, 10 என்று போகும். அதனால் ஆரையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதே வெப்பநிலையில் முதன்மைத் தொடர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நிலைக்குத்தாகப் பார்த்து, புள்ளி அதற்கு மேலா கீழா என்று கேளுங்கள். கிடை அச்சில் வெப்பநிலைக்குப் பதிலாக நிறமாலை வகை இருந்தால் இந்தக் கோடுகள் நேராக வராது, வளையும்.

கிடை அச்சு வலமிருந்து இடமாகக் கூடுகிறது, இடப்பக்கம்தான் சூடு. நீங்களே வரையும்போது பழக்கத்தில் இடமிருந்து வலமாக எண்களைப் போட்டால் படம் கண்ணாடி விம்பமாகிவிடும், இராட்சதர்கள் இடப்பக்கம் மேலே போய் நிற்பார்கள்.

இதை விடப் பெரிய பிழை தூரத்தில் வரும். ஒரு கொத்தின் விண்மீன்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதால் தோற்றப் பொலிவெண்ணை நேரடியாகக் குறித்தாலும் வரைபின் வடிவம் சரியாக வரும். கார்த்திகைக் கொத்துக்கு ஹெர்ட்ஸ்பிரங் 1911இல் அப்படித்தான் செய்தார். ஆனால் ரோகிணியைச் சுற்றி V வடிவில் தெரியும் ஹயடீஸ் கொத்தில் இதைச் செய்யும் மாணவர்கள் ரோகிணியையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். கண்ணுக்கு அது அந்த V எழுத்தின் ஒரு முனை. உண்மையில் கொத்து 47 பார்செக் தூரத்தில், ரோகிணி 20இல். கொத்தின் தூரத்தைக் கொடுத்தால் ரோகிணியின் ஒளிர்வு ஐந்தரை மடங்கு மிகையாக வரும், ஆரை 45க்குப் பதில் 105க்கு மேல் போகும். கொத்தின் சொந்த இராட்சதர்கள் 3.5 பொலிவெண்ணுக்கு அருகில் கூட்டமாக நிற்க, 0.86இல் ஒன்று மட்டும் தனியாக நிற்பதைக் கண்டால் அதன் தூரத்தைச் சந்தேகியுங்கள்.

தூரமே தெரியாவிட்டால் நிறமாலை உதவும். இராட்சதனின் வளிமண்டலம் மெலிந்தது, அழுத்தம் குறைவு, அதனால் சில உறிஞ்சற் கோடுகள் ஒடுங்கித் தெரியும். அன்ரோனியா மோரி இந்த ஒடுங்கிய கோடுகளை 1897இலேயே பதிவு செய்திருந்தார், ஹெர்ட்ஸ்பிரங் அதைப் பயன்படுத்தினார். அட்டவணைகளில் நிறமாலை வகைக்குப் பின்னால் வரும் ரோமன் எண் இதன் வழி வந்ததே: V என்றால் முதன்மைத் தொடர், III என்றால் இராட்சதன். ரோகிணி K5 III, 61 சிக்னி ஏ K5 V.

இந்த வழி தெளிவாக வேலை செய்வது குளிர்ந்த பக்கத்தில். 10,000 கெல்வினுக்கு மேலே போகப் போக முதன்மைத் தொடருக்கும் இராட்சதனுக்கும் இடைவெளி சுருங்கிவிடும், அங்கே ரோமன் எண்ணைப் பார்க்காமல் முடிவு சொல்வது கடினம். நடுவிலும் சில தயங்கி நிற்கும். புரோசியோன் 6500 கெல்வின், ஒளிர்வு 7, ஆரை 2. பட்டைக்குச் சற்று மேலே, இராட்சதனுக்கு மிகக் கீழே. கருவில் ஐதரசன் தீரும் கட்டத்தில் பட்டையை விட்டு நகரத் தொடங்கும் விண்மீன் அது. அதற்கு IV–V என்றே வகை கொடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட புள்ளி வினாவில் வந்தால் 'முதன்மைத் தொடரை விட்டு விலகுவது' என்று எழுதி, அது பட்டைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.