மசக்கை வாந்தி: எதுவரை வீட்டில் பார்க்கலாம்?

"எட்டு வாரம் ஆகுது. காலைல எழுந்தாலே வாந்தி, ராத்திரி நெஞ்செரிச்சல். எப்போ டாக்டர்கிட்ட ஓடணும்?"

வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும், முட்ட நிரம்பினால் நெஞ்செரியும், அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துவிடுங்கள். தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரியோ ரஸ்க்கோ வைத்துக்கொண்டு, கண் விழித்ததும் எழாமல் நாலு வாய் மென்று, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். என் தங்கைக்குத் தாளிக்கிற வாசனையே ஆகாது. ஆறிப்போன இட்லிதான் உள்ளே தங்கியது. ராத்திரிச் சாப்பாட்டை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுத்தால் எரிச்சல் குறையும்.

இஞ்சி குமட்டலுக்கு நல்லதுதான். சின்னத் துண்டைத் தட்டி வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம், ஆனால் சிலருக்கு அதுவே நெஞ்சை எரிக்கும், அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்தான் முக்கியம். ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தால் அப்படியே வெளியே வரும், அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன், தண்ணீரோ ஓஆர்எஸ் கரைசலோ.

சரி, எப்போது ஓடுவது? எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அல்லது கட்டன் டீ நிறத்தில் போகிறது, ஒரு நாள் முழுக்க எதுவுமே உள்ளே தங்கவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, எடை இறங்குகிறது என்றால் அன்றைக்கே போங்கள், டிரிப்ஸ் தேவைப்படலாம். வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி இருந்தால் உடனே. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய வாந்தி மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.