மோதிரத்தோடு லோடு இறக்கலாமா?

கேள்வி: என் கணவர் லாரியில் லோடு ஏற்றி இறக்குகிறார். கல்யாண மோதிரத்தைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். ஞாயிறுதோறும் வாலிபாலும் ஆடுவார். நான் தாலிச் சங்கிலியோடுதான் தூங்குகிறேன், பக்கத்தில் எட்டு மாதக் குழந்தை. இதிலெல்லாம் ஆபத்து உண்டா, டாக்டர்?

பதில்: உங்கள் கணவரின் மோதிரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே குதிக்கும்போது, மோதிரம் ஒரு கொக்கியிலோ ஆணியிலோ மாட்டிக்கொண்டால், உடம்பின் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் தொங்கும். அப்போது விரலின் தோல், கையுறையைக் கழற்றுவது போல, உள்ளிருக்கும் ரத்தக் குழாய்களோடும் நரம்புகளோடும் உரிந்து வந்துவிடக்கூடும். கத்தியால் வெட்டுப்பட்ட விரலில் குழாய்கள் ஓரிடத்தில்தான் அறுபட்டிருக்கும் என்பதால் மீண்டும் தைத்து இணைப்பது ஓரளவு எளிது. இழுபட்ட விரலிலோ குழாய்கள் நீளவாக்கில் நைந்துபோவதால், தேர்ந்த அறுவை மருத்துவர்களாலும் சில வேளைகளில் விரலைக் காப்பாற்ற முடிவதில்லை.

வெளியே மோதிரத் தடத்தில் சிறிய காயம் மட்டும் தெரிந்து, உள்ளே குழாய் அறுந்திருப்பதும் உண்டு. விரல் வெளிறியோ நீலம் பாரித்தோ குளிர்ந்தோ இருந்தாலும், நகத்தை அழுத்திப் பிடித்து விரலை எடுத்ததும் இரண்டு மூன்று நொடிகளுக்குள் சிவப்பு திரும்பாவிட்டாலும், கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் நுண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். ஐஸ் நேராகப் படக் கூடாது.

மேலே கையுறை போடுவதோ பிளாஸ்திரி சுற்றுவதோ போதிய காப்பாகாது. கால்பந்து விதிகளிலும் நகைகளுக்கு மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஆட அனுமதி இல்லை. வாலிபாலில் வலையில் விரல் மாட்டலாம். பந்து பட்டு வீங்கினால் மோதிரமே ரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஆகவே வேலைக்கும் ஆட்டத்துக்கும் முன்பு அதைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். மனம் ஒப்பாவிட்டால், இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய சிலிக்கான் மோதிரத்தை வேலை நேரத்தில் அணியலாம். அவர் கழற்ற மறுப்பதற்கு மோதிரம் இறுகிப்போனதும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் கையைச் சற்று நேரம் உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்புத் தடவி மெல்லத் திருகி எடுக்கலாம். வராவிட்டால் நகைக்கடையில் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக்கொள்வது நல்லது.

உங்கள் சங்கிலியால் தூக்கத்தில் உங்களுக்குப் பெரும்பாலும் கீறலோ முடி சிக்குவதோதான் நேரும். குழந்தைக்கு அப்படியல்ல. நீண்ட சங்கிலியின் வளைவு குழந்தையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம், கழன்ற குண்டுமணி வாய்க்குள் போகலாம். இரவில் அதைக் கழற்றிவைப்பதே பாதுகாப்பு. முடியாது என்றால், கழுத்தை ஒட்டிய குட்டைச் சங்கிலியில் தாலியைக் கோத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, குழந்தையைத் தனித் தொட்டிலில் படுக்கவையுங்கள். குழந்தையின் கழுத்தில் செயினோ கறுப்புக் கயிறோ இருந்தால், அதை இன்றே கழற்றிவிடுங்கள்.